மூன்று நிமிடத் தீர்மானம்

பள்ளிகளில் நடக்கும் இளைஞர் நாடாளுமன்றங்களுக்கு நடுவர்களாகவும் பயிற்றுநர்களாகவும் எங்களில் சிலர் அவ்வப்போது போய்வருவதுண்டு. இலக்கியம் பேசுகிற கூட்டத்துக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. அங்கே நடப்பதும் சொல்லைப் பற்றிய காரியமே என்பதுதான் எங்கள் பதில். ஒரு தீர்மானத்தை முன்மொழிந்து, தம் நிலை இன்னதென்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை மூன்று நிமிடத்துக்குள் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளால் அது முடிவதில்லை. பேசத் தெரிந்திருப்பதால்தான் முடிவதில்லை என்பது எங்கள் கட்சி.

நம் பிள்ளைகள் பேச்சைக் கற்பது பட்டிமன்ற மேடையிலிருந்து. அதைக் குறைத்துச் சொல்வது எங்கள் நோக்கமன்று. தெற்கத்தி ஊர்களில் கோயில் கொடைக்குக் கொடையாகப் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாங்களும். ஆனால் பட்டிமன்றப் பேச்சின் உடற்கூறு வேறு. அங்கே பேசுபவர் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறார். முதலில் வணக்கம், பிறகு நடுவரைப் பற்றி ஒரு நயம், எதிரணியைப் பற்றி ஒரு கிண்டல், ஒரு பழம்பாடல், ஒரு கதை என்று சுற்றிவந்து, கைதட்டல் எழுகிற இடமாகப் பார்த்துக் கட்சியைச் சொல்லி அமர்கிறார். கட்சி ஏற்கெனவே தலைப்பிலேயே இருப்பதால் அவர் அதைத் தாமதமாகச் சொல்வதில் நட்டமில்லை. அவையில் தீர்மானம் முன்மொழிபவரின் நிலை அப்படிப்பட்டதன்று. அவர் வாய் திறக்கும்வரை அவை எதைப் பற்றி வாக்களிக்கப் போகிறது என்பதே தெரியாது. அவர் பேசவேண்டியது அவைத்தலைவரை நோக்கி மட்டும். பேச்சு முடிந்தபின் கிடைக்க வேண்டியது வாக்கு. கைதட்டலை வாக்காக எண்ணுகிற வழக்கம் எந்த அவையிலும் இல்லை.

இளைஞர் நாடாளுமன்றம் என்கிற ஏற்பாடு நம் நாட்டில் புதிதன்று. 1962-இல் பம்பாயில் கூடிய அகில இந்தியக் கொறடாக்கள் மாநாடு இதைப் பரிந்துரைத்தது. 1966-67-இல் தில்லிப் பள்ளிகளில் போட்டியாகத் தொடங்கியது. பின்னர் கேந்திரிய வித்யாலயாக்கள், நவோதயப் பள்ளிகள், பல்கலைக்கழகங்கள் எனப் பரவியது. நாடாளுமன்ற விவகார அமைச்சகத்தின் போட்டி விதிப்படி ஓர் அமர்வு 55 நிமிடங்களுக்கு மேல் போகக்கூடாது. அவையில் ஐம்பதுக்குக் குறையாத பிள்ளைகள் அமர்ந்திருப்பார்கள். உறுதிமொழி, இரங்கல், கேள்வி நேரம், தாள்கள் வைத்தல் எல்லாம் போக, தீர்மானத்தின் மீதான விவாதத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் இருபது நிமிடம். அதில் முன்மொழிபவருக்கு மூன்று நிமிடம் ஒதுக்குவது தாராளம் என்றே சொல்லவேண்டும்.

உண்மையான மக்களவையில் முன்மொழியும் உறுப்பினருக்கு முப்பது நிமிடமும் மற்றவர்களுக்குப் பதினைந்து நிமிடமும் என்று நடைமுறை விதிகள் வரையறுக்கின்றன. அதாவது அங்கும் கடிகாரம் இருக்கிறது. பிள்ளைகளின் அவையில் அந்தக் கடிகாரம் பத்து மடங்கு வேகமாக ஓடுகிறது, அவ்வளவே.

இனி குளத்தூருக்கு வருவோம். விளாத்திகுளம் வட்டத்தில், கரிசல் முடிந்து கடல்காற்று தொடங்குகிற பக்கத்தில் இருக்கிறது ஊர். புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற மானாவாரி நிலம். உளுந்து, பாசி, கம்பு, சோளம், மிளகாய். தரிசாய்க் கிடக்கும் புஞ்சைகளிலும் கண்மாய்களிலும் சீமைக் கருவேலம். அந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் அமர்வுக்கு ஒரு வாரம் முன்னதாகப் பிள்ளைகளின் தொடக்க உரைகளைக் கேட்க எங்களை அழைத்திருந்தார்கள். பள்ளியின் பெயரும் பிள்ளையின் பெயரும் இங்கே வேண்டாம். பதினொன்றாம் வகுப்பு மாணவி. அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த தீர்மானம் ஒரு வரி: தமிழகத்திலுள்ள சீமைக் கருவேல மரங்களை முற்றிலும் அகற்றவேண்டும்.

அவள் எழுதிக் கொண்டுவந்த உரை நான்கு பக்கம். குரல் கணீரென்று இருந்தது. வணக்கத்துக்கு மட்டும் 40 விநாடி ஆயிற்று. பிறகு இயற்கை அன்னை வந்தாள், பாரி வள்ளல் வந்தார். இந்த மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், இதில் பறவை கூடு கட்டாது, இதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்று அடுக்கினாள். இரண்டரை நிமிடத்தில் நாங்கள் எச்சரிக்கை மணியைத் தட்டினோம். அப்போதுதான் "ஆகவே" என்ற சொல்லுக்கு வந்திருந்தாள். மூன்றாவது நிமிட மணி அடித்தபோது, அரசு என்ன செய்யவேண்டும் என்பதை அவள் இன்னும் சொல்லவில்லை.

உட்காரச் சொல்லிவிட்டு, இந்த மரத்தை முற்றிலும் அகற்றவேண்டும் என்று நீ நினைக்கிறாயா அம்மா என்று கேட்டோம். சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்ல கரிமூட்டம் போட்டுத்தான் சார் எனக்கு பீஸ் கட்டுறாங்க" என்றாள்.

அந்த வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. மழை பொய்த்த ஆண்டில் அந்தக் கரிசல் மக்களுக்கு அடுப்பெரியக் காரணம் இந்த மரம்தான். விறகை அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, மண்பூசி, நாட்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குவார்கள். இட்ட விறகில் எடைக்கு நான்கில் ஒன்றோ அதற்கும் குறைவாகவோதான் கரியாகத் தேறும். மூட்டத்தில் எங்கேனும் ஓட்டை விழுந்து காற்றுப் புகுந்தால் அத்தனையும் சாம்பல். ஆகவே இரவெல்லாம் ஒருவர் காவல் இருக்கவேண்டும். அந்தக் காவலிருப்பவரின் பேத்திதான், மரத்தை முற்றிலும் ஒழிக்கவேண்டும் என்று எங்கள் முன் முழங்கியவள். தன் வீட்டுக்கு எதிராகப் பேசினாள் என்பது எங்கள் குறையன்று. அவையில் அப்படிப் பேசவேண்டிய நேரமும் வரும். தான் நம்பாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் அவளுக்கு நான்கு பக்கம் தேவைப்பட்டது. நம்புகிற பேச்சு நீள்வதில்லை என்று நாங்கள் கண்டிருக்கிறோம்.

ஆசிரியர்கள் இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை, "ஏதாவதொரு பக்கம் நின்று பேசு" என்பது. தெளிவான நிலைப்பாடு வேண்டும் என்பதைத் தீவிரமான நிலைப்பாடு வேண்டும் என்று பொருள்கொண்டு விடுகிறார்கள். முற்றிலும், அடியோடு, எக்காலத்தும் போன்ற சொற்கள் ஏறஏற நிலைப்பாடு தெளிவாவதாக ஓர் எண்ணம். எங்கள் பார்வையில் அது கலங்கலாகிறது. தமிழகம் முழுதும் என்றால் யார் செய்வது, எங்கே தொடங்குவது, பட்டா நிலத்திலும் புகுந்து வெட்டுவதா? இவற்றுக்கு விடையில்லாத தீர்மானத்தை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் ஒன்றே.

மக்களவை விதிகள் இதில் நமக்கு நல்ல வழிகாட்டி. தனிநபர் தீர்மானம் எப்படி இருக்கவேண்டும் என்று 173-ஆம் விதி சொல்கிறது. தெளிவாகவும் துல்லியமாகவும் இருக்கவேண்டும். திட்டவட்டமான ஒரே ஒரு பிரச்சினையை எழுப்பவேண்டும். தீர்மான வாசகத்துக்குள் வாதமோ, அனுமானமோ, எள்ளலோ இருக்கக்கூடாது. வாதத்துக்கு இடம் உரை, வாசகத்துக்கு இடம் தீர்மானம் என்று இரண்டையும் பிரித்துவைத்த விதி இது. நம் போட்டித் தலைப்புகள் பலவும் இந்தச் சோதனையில் தேறா. 2025-இல் நடந்த தேசிய அளவிலான இளைஞர் நாடாளுமன்றத்தில் பேசக் கொடுத்த தலைப்பு, ஒரே நாடு ஒரே தேர்தல் வளர்ந்த பாரதத்துக்கு வழியமைக்கிறது என்னும் பொருளில் இருந்தது. அந்தக் கொள்கையைப் பற்றி இங்கே நாங்கள் ஏதும் சொல்ல வரவில்லை. ஆனால் தலைப்பே முடிவைச் சொல்லிவிட்டால் பிள்ளை எடுக்கவேண்டிய நிலைப்பாடு என்று என்ன மிஞ்சும்?

ஆகவே உரையைத் திருத்துவதை விட்டுவிட்டுத் தீர்மானத்தைத் திருத்தச் சொன்னோம். பள்ளியில் இதற்குச் சிறு தயக்கம் இருந்தது. முன்மொழிபவரே வாசகத்தை வரைவதுதான் முறை என்றதும் ஒப்புக்கொண்டார்கள்.

அவளையும் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் சிலரையும் கூட்டிக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போனோம். சீமைக் கருவேலத்தில் கொக்குகள் கூடு கட்டியிருந்தன. பறவை அண்டாது என்ற வரி அங்கேயே அடிபட்டது. காற்றின் ஈரம், மாட்டின் மலடு இரண்டுக்கும் ஆதாரம் கேட்டோம். கைப்பேசியில் வந்தது என்றார்கள். அவையும் போயின. மிஞ்சியது என்ன என்று பார்த்தால், கண்ணுக்கு முன்னால் இருந்தது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் முழுக்க முள். ஆடும் மாடும் நெற்றைத் தின்று சாணத்தில் போடும் விதை, ஈரம் கண்ட இடத்தில் முளைத்துவிடுகிறது; ஈரம் தங்கும் இடம் கால்வாயும் கண்மாயும்தானே. தரைமட்டத்தில் வெட்டிய இடங்களில் ஒரு தூருக்கு ஐந்தாறு கிளைகளாகத் துளிர்த்திருந்தது. 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்துத் தென்மாவட்டங்களெங்கும் வழக்கறிஞர் ஆணையர்களின் மேற்பார்வையில் இம்மரத்தை அகற்றியது பலருக்கு நினைவிருக்கும். தூரைத் தோண்டாமல் விட்ட இடங்களிலும், தோண்டியபின் முளைத்த நாற்றைப் பிடுங்காமல் விட்ட இடங்களிலும் மறுபடி காடாகிவிட்டது. 2022-இல் தமிழக அரசு அயல் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. ஆனால் கண்மாய்க்கரையில் நிற்கும் பிள்ளைக்குக் கொள்கையைவிடத் தூர்தான் கண்ணில் படுகிறது.

இப்போது அவளுக்குச் சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது. இன்னொரு கணக்கையும் போட்டோம். மேடையில் நிறுத்தி நிதானமாகப் பேசினால் அவளுக்கு நிமிடத்துக்கு 90 சொற்கள் வந்தன. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலப் பேச்சுக்கான கணக்கை இங்கே கொண்டுவந்தால் ஏமாந்துபோவோம். மூன்று நிமிடத்துக்கு 270 சொல். அவையில் குறுக்கீடு, சலசலப்பு, மூச்சு வாங்கும் நேரம் கழித்து 200-க்குள் எழுதச் சொன்னோம். முதல் வாக்கியத்தில் வாசகம், அடுத்ததில் நிலை, பின் ஒரே காரணம், எதிர்ப்பக்கத்தில் மிக வலுவானது எதுவோ அதற்கு மட்டும் பதில் என்பதைத் தவிர நாங்கள் வேறு நிபந்தனை விதிக்கவில்லை. அவள் எழுதியது இது:

"மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே. விளாத்திகுளம் வட்டத்திலுள்ள கண்மாய்களிலிருந்தும் வரத்துக் கால்வாய்களிலிருந்தும் சீமைக் கருவேல மரங்களைத் தூரோடு அகற்றி, அவை மறுபடி முளைக்காமல் மூன்று ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்று இந்த அவை அரசுக்குப் பரிந்துரைக்கிறது என்னும் தீர்மானத்தை முன்மொழிகிறேன்.

நீர் வரும் வழியில் இந்த மரம் இருக்கக்கூடாது. என் நிலை இதுதான். தனியார் புஞ்சையில் நிற்கும் மரத்தைப் பற்றி இந்தத் தீர்மானம் எதுவும் சொல்லவில்லை. அதைத் தெரிந்தேதான் விட்டிருக்கிறேன்.

எங்கள் ஊரில் மழை பெய்வது சில நாட்கள்தான். அந்த நாட்களில் ஓடிவரும் தண்ணீர் கண்மாய்க்கு வந்துசேர வேண்டும். கால்வாயில் முள் அடைத்திருந்தால் தண்ணீர் புஞ்சைக்குள் ஏறி உளுந்தை அழுக வைக்கிறது. கண்மாய் காலியாகவே கிடக்கிறது. ஒரே மழையில் இரண்டு நட்டம்.

முன்பும் வெட்டினார்கள், மறுபடி வந்துவிட்டதே என்று உறுப்பினர்கள் கேட்கலாம். தரையோடு வெட்டினால் தளிர்க்கும். அதனால்தான் தூரோடு என்று சொல்கிறேன். விதை மண்ணில் கிடக்கும், மழைக்கு முளைக்கும். அதனால்தான் மூன்று ஆண்டுகள் என்று சொல்கிறேன்.

இந்த மரத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்றும் கேட்கலாம். கரிமூட்டம் போடுகிற வீட்டிலிருந்து வருகிறேன். கண்மாயில் வெட்டும் மரம் மூட்டத்துக்குத்தான் வரும். புஞ்சை மரம் அப்படியே இருக்கும். எங்களுக்கு விறகு வேண்டும். எங்கள் கண்மாய்க்குத் தண்ணீரும் வேண்டும்.

தீர்மானத்தை ஆதரிக்குமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்."

பேசிப் பார்த்தபோது இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. மிச்ச நேரத்தை நிரப்பவேண்டுமே என்று ஆசிரியர் ஒருவர் கவலைப்பட்டார். வேண்டாம் என்றோம், அவையில் மிச்சம் பிடித்த நேரம் அடுத்த உறுப்பினருக்குப் பயன்படும். பாரியை விட்டதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். எங்களுக்கும்தான்.

இந்த உரையில் எங்களுக்குப் பிடித்த வரி, தெரிந்தேதான் விட்டிருக்கிறேன் என்பது. எதைச் சொல்லவில்லை என்பதை அவையிலேயே அறிவிப்பது பெரியவர்களுக்கும் கைவராத காரியம். எல்லையைத் தானே கட்டிவிட்டதால், எதிரணி பட்டா நிலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அது தீர்மானத்துக்குப் புறம்பு என்று அவைத்தலைவர் நிறுத்தமுடியும். வேண்டுமானால் எதிரணி ஒரு திருத்தம் கொண்டுவரட்டும். உண்மையில் அமர்வன்று அப்படித்தான் நடந்தது. ஒரு பையன் எழுந்து "விளாத்திகுளம் வட்டத்திலுள்ள" என்பதற்குப் பதிலாகத் "தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள" என்று திருத்தவேண்டும் என்றான். இன்னொருத்தி, மூன்று ஆண்டுக் கண்காணிப்பை யார் செய்வது என்று வாசகத்தில் இல்லையே, ஊராட்சி என்று சேர்க்கவேண்டும் என்றாள். நாங்கள் கேட்ட பள்ளி அமர்வுகளில் பிள்ளைகள் வாசகத்தின் சொற்களைப் பிடித்துக்கொண்டு வாதாடியது அதுவே முதல்முறை. தமிழகம் முழுதும், முற்றிலும் என்று இருந்திருந்தால் அங்கே பிடித்துக்கொள்ள ஏது கைப்பிடி?

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். நாடாளுமன்ற மரபில் தீர்மானத்தை முன்மொழிந்தவருக்கு விவாதத்தின் முடிவில் பதிலளிக்கும் உரிமை உண்டு. தொடக்க உரை சுருங்கியிருக்க முடிவதே இந்த உரிமையால்தான். இருக்கிற சரக்கையெல்லாம் முதலிலேயே கொட்டவேண்டியதில்லை, எதிர்ப்பு எங்கிருந்து வருகிறதோ அதைப் பார்த்துப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அவளிடமும் அதை நம்பித்தான், தாத்தாவின் காவலிரவுகளைப் பற்றிய பத்தியைப் பதிலுரைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தோம். அமர்வன்று கேள்வி நேரம் நீண்டுவிட்டது. பதிலுரை வேண்டாம், நேராக வாக்கெடுப்புக்குப் போய்விடலாம் என்று மேடைக்குப் பின்னாலிருந்து சைகை வந்தது. அவைத்தலைவராக இருந்த பையன் பாவம், சைகைக்குப் பணிந்தான். இரண்டு மூன்று பள்ளிகளில் இதே கதையைப் பார்த்துவிட்டோம். இரங்கல் தீர்மானத்துக்கும் புதிய அமைச்சர்கள் அறிமுகத்துக்கும் நேரம் இருக்கிறது, முன்மொழிந்தவரின் பதிலுக்கு மட்டும் இல்லை. ஒரு நிமிடமாவது அதற்கென்று நிகழ்ச்சிநிரலில் அச்சிட்டே வைக்கவேண்டும் என்று அமர்வு நடத்தும் ஆசிரியர்களை இதன்வழியே கேட்டுக்கொள்கிறோம். பதிலுரை இல்லையென்று தெரிந்தால் அடுத்த ஆண்டுப் பிள்ளை மறுபடியும் நான்கு பக்கம் எழுதிக்கொண்டுதான் வரும்.

ஊராட்சி என்ற சொல்லைச் சேர்க்கும் திருத்தம் ஏற்கப்பட்டது. மாவட்டத் திருத்தம் தோற்றது. தீர்மானம் குரல் வாக்கில் நிறைவேறியது. வெளியே வந்தபோது அவள் தாத்தா வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே பேசியது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. "கம்மாய் மரத்த எப்ப ஏலம் விடுவாகளாம்?" என்று எங்களைக் கேட்டார்.